எட்டுக்கு ஏழு

கோவிலம்பாக்கம் மொட்டைமாடியில், 1960 ஏப்ரல் 12 அன்று உலக நீதிமன்றம் தந்த போர்ச்சுகல்–இந்தியா வழக்கின் தீர்ப்புக்குக் குறிப்பு எழுதுகிறேன்.

சம்பவத்துக்கு நாலு வரி போதும். போர்ச்சுகல் வசமிருந்த டாமனிலிருந்து அதன் தாத்ரா, நகர் ஹவேலிக்குப் போக இந்திய மண்ணைக் கடக்க வேண்டியிருந்தது. 1954-ல் அங்கே போர்ச்சுகீசிய ஆட்சி கவிழ்ந்தபோது இந்தியா வழி விடவில்லை.

ருசி இருப்பது கேள்வியில்தான். 'வழியுரிமை உண்டா?' என்று ஒற்றைக் கேள்வி எழுதினால் குறிப்பு அங்கேயே கெட்டுவிடும். நீதிமன்றம் யாருக்கு, எதற்கு என்று பிரித்தது. தனியார், சிவில் அதிகாரிகள், சரக்குக்கு உரிமை உண்டு, 11-4. படை, ஆயுதப் போலீஸ், தளவாடங்களுக்கு இல்லை, 8-7. இந்தியா கடமை தவறவில்லை, 9-6.

காரணம் அழகானது. சுமார் 125 வருடம் தடையின்றி நடந்த போக்குவரத்து, இரு நாட்டுக்கு மட்டுமான வழக்காறாக ஏற்கப்பட்டது. படைக்கோ ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்டார்கள். கேட்டு வாங்குவது உரிமையாகுமா?

மாறுபட்ட கருத்துகளைக் கடைசியில் ஒட்டவைக்கக் கூடாது. இந்தியா நியமித்த சாக்ளா, போர்ச்சுகல் நியமித்த பெர்னாண்டஸ் இருவருமே மாறுபட்டார்கள், எதிரெதிர்த் திசையில். காலனி ஆட்சி நீடிப்பதை ஆதரிப்பதா என்று கேட்டவர் அர்ஜென்டினாவின் மொரேனோ கின்டானா.

என் விமர்சனம் ஒன்றே. சுற்றுப்புறப் பதற்றத்தைக் காட்டி இந்தியா மறுத்தது சரி என்றால், அவசரத்தில் உதவாத அந்த உரிமையின் எல்லை எது? தீர்ப்பு அதைச் சொல்லவில்லை.