ஃபிப்-4: ‘இல்லை’ என்று சொல்வதற்கான கணக்கு

மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாறிலும் முழு உடல் பரிசோதனை செய்துகொள்ளும் நடுத்தர வயதினர் பலருடைய வயிற்று ஸ்கேன் அறிக்கையில் ‘ஃபேட்டி லிவர், கிரேடு 1’ அல்லது ‘கிரேடு 2’ என்ற வரி இடம்பெறுவது இன்று வழக்கமாகிவிட்டது. அறிக்கையைப் பெற்றவர் அந்த கிரேடு எண்ணைக் கண்டே அஞ்சுகிறார். ஆனால் அது கல்லீரலில் கொழுப்பு எவ்வளவு படிந்துள்ளது என்பதற்கு ஸ்கேன் செய்பவர் தரும் கண்மதிப்பு மட்டுமே. நோயாளியின் எதிர்காலத்தைத் தீர்மானிப்பது கொழுப்பின் அளவு அன்று. நீண்டகால அழற்சியால் கல்லீரல் திசுவுக்குள் நார்போன்ற தழும்பு எவ்வளவு பரவியுள்ளது என்பதே. மருத்துவர்கள் ‘ஃபைப்ரோசிஸ்’ என்றழைக்கும் இந்த நார்த்தழும்பு முற்றிய நிலையே கல்லீரல் சுருங்கி இறுகும் சிரோசிஸ் ஆகும். கிரேடு 2 எனக் குறிக்கப்பட்டவரின் கல்லீரலில் தழும்பே இல்லாதிருக்கலாம். கிரேடு 1 என ஆறுதல் பெற்றவரிடம் அது முற்றியும் இருக்கலாம்.

மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை நடத்திய ‘க்யூர்ஸ்’ என்ற சென்னை ஆய்வின் ஒரு பகுதியாக 2009-இல் வெளியான முடிவுகளின்படி, ஸ்கேன் செய்யப்பட்டவர்களில் 32 சதவீதத்தினருக்கும், அவர்களுள் நீரிழிவு உள்ளவர்களில் 54.5 சதவீதத்தினருக்கும் மது சாராத கொழுப்புக் கல்லீரல் காணப்பட்டது. மூன்றில் ஒருவருக்கு உள்ள நிலையில் தழும்பைத் தேடி எல்லோருடைய கல்லீரலிலும் ஊசி செலுத்தித் திசு எடுத்துப் பார்ப்பது இயலாது என்பதால், கையில் ஏற்கெனவே உள்ள ரத்த முடிவுகளிலிருந்து தழும்பை ஊகிக்கும் ஒரு கணக்கு தேவைப்பட்டது. உலகெங்கும் இன்று முதற்படியாகப் பரிந்துரைக்கப்படும் அந்தக் கணக்கின் பெயர் ஃபிப்-4. அதற்கு வேண்டியவை நான்கே: வயது, எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்னும் இரண்டு கல்லீரல் நொதிகள், ரத்தம் உறைவதற்கு உதவும் தட்டணுக்களின் எண்ணிக்கை. கல்லீரல் செயல்பாட்டுப் பரிசோதனையும் முழு ரத்த அணு எண்ணிக்கையும் அடங்கிய எந்தப் பரிசோதனைத் தொகுப்பிலும் இவை இருப்பதால் கூடுதல் செலவு எதுவும் இல்லை.

```
FIB-4 = (வயது × SGOT) ÷ (தட்டணு × √SGPT)
```

தியாகராய நகரில் வசிக்கும் 58 வயதுள்ள ஒருவருக்கு எஸ்ஜிஓடி 44, எஸ்ஜிபிடி 49, தட்டணு 2.2 லட்சம் என்று கொள்வோம். சூத்திரத்தில் தட்டணுவை ஆயிரங்களில் எழுத வேண்டும் என்பதால் 2.2 லட்சம் 220 ஆகிறது. 49-இன் வர்க்கமூலம் 7. மேலே 58 × 44 = 2552, கீழே 220 × 7 = 1540; வகுத்தால் ஏறத்தாழ 1.66 கிடைக்கிறது. கொழுப்புக் கல்லீரலில் 1.3-க்குக் கீழிருந்தால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்புக் குறைவு என்றும், 2.67-க்கு மேலிருந்தால் வாய்ப்பு அதிகம் என்றும், இடைப்பட்டது முடிவு சொல்ல இயலாத நிலை என்றும் கொள்வது மரபு. எனவே இவர் நடுவில் நிற்கிறார்.

இந்நான்கும் தற்செயலாக ஒன்று சேர்ந்தவை அல்ல. தழும்பு முற்றும்போது கல்லீரலுக்குள் ரத்தம் பாய்வது தடைப்பட்டு, குடலிலிருந்து வரும் பெருநாளத்தில் அழுத்தம் ஏறி மண்ணீரல் வீங்குகிறது. வீங்கிய மண்ணீரல் தட்டணுக்களைத் தேக்கிவைத்துக்கொள்கிறது. தட்டணு உற்பத்தியைத் தூண்டும் கல்லீரல் சுரப்பும் குறைகிறது. கொழுப்புக் கல்லீரலின் தொடக்கத்தில் எஸ்ஜிபிடி மேலோங்கியிருக்க, தழும்பு வளர வளர எஸ்ஜிஓடி அதை முந்துகிறது. எஸ்ஜிபிடி உயர்ந்தால் மதிப்பெண் குறைவது வேடிக்கையாகத் தோன்றினாலும் அதற்குக் காரணம் இதுதான். வயதோ, தழும்பு வளர்வதற்குக் கிடைத்த காலத்தின் அடையாளம். எனவே ஃபிப்-4 தழும்பை நேராகப் பார்ப்பதில்லை. தழும்பு விளைவித்தவற்றையே, அவற்றுள்ளும் பலவற்றைத் தாமதமாக விளைந்த பிறகே, அது பார்க்கிறது. அதன் பலமும் பலவீனமும் இங்கிருந்தே கிளைக்கின்றன.

இக்கணக்கு கொழுப்புக் கல்லீரலுக்காகப் பிறந்ததும் அன்று. ஹெச்ஐவி, ஹெப்படைட்டிஸ் சி ஆகிய இரு தொற்றுகளும் உள்ளவர்களின் திசுப் பரிசோதனைகளை வைத்து 2006-இல் ஸ்டெர்லிங் குழுவினர் இதை அமைத்தபோது வரம்புகள் 1.45-ம் 3.25-ம் ஆக இருந்தன. 2009-இல் ஷா குழுவினர் அமெரிக்காவில் கொழுப்புக் கல்லீரல் உள்ள 541 பேரிடம் இதைச் சோதித்து 1.3, 2.67 என்ற வரம்புகளை நிறுவினர். கீழ்வரம்புக்குக் குறைவானவர்களில் ஏறத்தாழ 90 சதவீதத்தினருக்கு முற்றிய தழும்பு இல்லை என்பது அவர்கள் கண்டது. கவனிக்க வேண்டியது, அந்த 541 பேரும் ஐயத்தின் பேரில் திசு எடுக்கப்பட்டவர்கள். அடையாறில் வழக்கமான பரிசோதனைக்கு வருகிறவர்களிடையே முற்றிய தழும்பு அவர்களைவிடப் பன்மடங்கு அரிது. அரிதான ஒன்றைப் பற்றி ‘இல்லை’ என்று சொல்லும் எந்தக் கணக்கும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்; அதன் பெருமையை முழுவதும் கணக்குக்கே தந்துவிடக் கூடாது. அதே காரணத்தால், ‘இருக்கிறது’ என்று அது சொல்லும்போது தவறும் விகிதம் மருத்துவமனையைவிட இங்கு அதிகம். ஆகவே ஃபிப்-4 ஒருவரை வீட்டுக்கு அனுப்ப உதவுமேயன்றி, அது மட்டும் வைத்து ஒருவரை நோயாளி என்று முத்திரை குத்த இயலாது.

வீட்டுக்கு அனுப்பும் அந்தத் தீர்ப்பும் எல்லோருக்கும் ஒரே உறுதியுடையது அன்று. கணக்கின் மிகப் பெரிய குறை இதுவே. வயது சூத்திரத்தில் நேரடிப் பெருக்கியாக இருக்கிறது. முன் சொன்னவரின் அதே ரத்த முடிவுகள் 38 வயதுக்காரரிடம் இருந்தால் மதிப்பெண் 1.09 ஆகி அவர் ‘பாதுகாப்பானவர்’ பட்டியலில் சேர்ந்துவிடுகிறார். அதே நொதி அளவுகளோடு அவர் 2.67-ஐத் தாண்ட வேண்டுமானால் தட்டணு ஏறத்தாழ 90 ஆயிரத்துக்குக் கீழே இறங்க வேண்டும். கல்லீரல் காரணமாக அவ்வளவு இறங்கினால் நோய் சிரோசிஸ் நிலையை எட்டியிருக்கவே வாய்ப்பு அதிகம். மறுபுறம், 70 வயதுள்ள ஒருவருக்கு எஸ்ஜிஓடி 28, எஸ்ஜிபிடி 25, தட்டணு 2 லட்சம் என எல்லாம் இயல்பாகவே இருந்தாலும் மதிப்பெண் 1.96 வருகிறது. 2017-இல் மெக்பர்சன் குழுவினர் இக்குறையை ஆராய்ந்து, 65 வயது முதல் கீழ்வரம்பை 2.0 ஆக உயர்த்தலாம் என்றும், 35 வயது வரையுள்ளவர்களிடம் இக்கணக்கு நம்பத்தக்கதன்று என்றும் காட்டினர். முதியவர்களின் சிக்கலுக்கு இவ்வாறு ஒரு தீர்வு கிடைத்தது. இளையவர்களின் சிக்கலுக்குக் கிடைத்ததோ எச்சரிக்கை மட்டும்தான். மேலை நாடுகளைக் காட்டிலும் பத்தாண்டு முன்னதாகவே நீரிழிவு தொடங்கிவிடும் ஒரு மக்களிடையே இது சிறு விடுபாடன்று. நாற்பது வயதுக்குள் நீரிழிவும் தொப்பையும் உடையவரே, தழும்பு வளர்வதற்கு இன்னும் முப்பது ஆண்டுகளைக் கையில் வைத்திருப்பவர். அவரிடந்தான் இக்கணக்கின் ‘இல்லை’ மிகவும் வலுவற்றது.

வயதை அடுத்து ஐயத்துக்குரியது தட்டணு. வடகிழக்குப் பருவமழையை ஒட்டிச் சென்னையில் டெங்கு பரவும் மாதங்களில் இந்த எண்ணுக்குக் கல்லீரல் தொடர்பான பொருளே இல்லாமற்போகிறது. டெங்கு தட்டணுவைக் குறைப்பதோடு எஸ்ஜிஓடியை எஸ்ஜிபிடியைவிட மிகுதியாக உயர்த்துவதால் சூத்திரத்தின் மேலும் கீழும் ஒரே திசையில் தவறுகின்றன. அதே 58 வயதுக்காரருக்கு டெங்கு படுத்திய வாரத்தில் எஸ்ஜிஓடி 110, எஸ்ஜிபிடி 81, தட்டணு 90 ஆயிரம் என்று வந்தால் மதிப்பெண் 7.88 ஆகிறது, தழும்பு ஒரு மயிரிழைகூட வளர்ந்திருக்காது. காய்ச்சல் நீங்கி நொதிகளும் தட்டணுவும் பழைய நிலைக்கு வந்த பிறகு எடுத்த ரத்தமே கணக்குக்கு உரியது. எஸ்ஜிஓடி தசையிலும் இருப்பதால் கடும் உடற்பயிற்சிக்கு மறுநாள் எடுத்த ரத்தமும் மதிப்பெண்ணை ஏற்றிக் காட்டும். சோதனைக்குழாயில் உறையாமல் இருக்கச் சேர்க்கப்படும் வேதிப்பொருளால் சிலரது தட்டணுக்கள் ஒட்டித் திரண்டு, கருவி அவற்றைக் குறைத்து எண்ணுவதும் உண்டு. ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தால் திரள்கள் தென்படும், வேறு குழாயில் எடுத்த ரத்தம் உண்மை எண்ணைத் தரும்.

இவற்றைவிட எளிதில் நேரும் பிழை அலகு சார்ந்தது. சென்னை ஆய்வகங்கள் தட்டணுவைச் சில இடங்களில் ‘2.2 லட்சம்’ என்றும் சில இடங்களில் ‘2,20,000’ என்றும் அச்சிடுகின்றன. முதலாவதை அப்படியே 2.2 என இட்டால் விடை 166 ஆக வந்து தவறு தானே வெளிப்படும். இரண்டாவதை 2,20,000 என இட்டாலோ விடை 0.002 ஆகிறது, அது தவறு என்று உணராதவர் ‘1.3-க்குக் குறைவு’ என்று நிம்மதியடைந்துவிடக்கூடும். ஆபத்தான பிழை இந்த இரண்டாவதே.

நடுவில் நிற்பவர்களுக்கு, அதாவது 1.66 பெற்ற நம் எடுத்துக்காட்டு மனிதருக்கு, அடுத்த படி ஃபைப்ரோஸ்கேன். விலாவின் மேல் வைத்த கருவி அனுப்பும் மெல்லிய அதிர்வலை கல்லீரலுக்குள் பாயும் வேகத்தைக் கொண்டு அதன் விறைப்பைக் கிலோபாஸ்கல் அலகில் அளக்கும் இந்தச் சோதனையில், 8-க்குக் கீழிருந்தால் முற்றிய தழும்பு இல்லை எனலாம், 12-க்கு மேலிருந்தால் கல்லீரல் நிபுணரிடம் செல்ல வேண்டும். உண்டவுடன் செய்தால் விறைப்பு கூடித் தெரியும் என்பதால் குறைந்தது மூன்று மணி நேரம் வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும். இதற்குத் தனிச் செலவும் தனிக் கருவியும் வேண்டும். ஃபிப்-4 தன் வேலையைச் சரியாகச் செய்தால் இச்செலவு பலருக்கு மிச்சமாகிறது என்பதே அக்கணக்கை ஆதரிப்பதற்கான வலுவான வாதம். கொழுப்புக் கல்லீரலை நடுவண் அரசு 2021-இல் தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டத்தில் சேர்த்த பிறகு, ஃபைப்ரோஸ்கேன் எட்டாத ஆரம்பநிலை மையங்களுக்கும் இவ்வாதம் பொருந்துகிறது.

அறிக்கையில் ஃபிப்-4 அச்சாக வேண்டுமா என்ற வினாவுக்கு விடை ‘ஆம்’ என்பதே. ஆனால் வெறும் எண்ணாக அன்று. 35 வயது வரை அந்த எண்ணையே அச்சிடாமல் விடுவதும், 65 வயது முதல் 2.0 என்ற வரம்பைக் குறிப்பதும், அண்மையில் காய்ச்சல் இருந்ததா எனக் கேட்பதும் ஆய்வகம் செய்யக்கூடியவை. நீரிழிவு உள்ளவருக்கு 1.3-க்குக் குறைவாக வந்தால் அது அந்த ஆண்டுக்கான விடையே ஆகும். அமெரிக்கக் கல்லீரல் நோய் ஆய்வுச் சங்கத்தின் 2023-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் அத்தகையோருக்கு ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறையும், நீரிழிவு முதலிய ஆபத்துக் கூறுகள் இல்லாதவர்களுக்கு இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறையும் மீண்டும் கணக்கிடச் சொல்கிறது. நாற்பது வயதை எட்டாத நீரிழிவு நோயாளியிடம் மதிப்பெண் 1.3-க்குக் கீழே இருந்தபடியே ஆண்டுதோறும் ஏறிவருமானால், வயது ஏறியதால் கூடியது எவ்வளவு, தட்டணு இறங்கியதால் கூடியது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டாவது காரணம் தென்பட்டால், வரம்பைத் தாண்டும்வரை காத்திராமல் விறைப்புச் சோதனைக்கு அனுப்புவதே தகும்.