மிக்கியின் காதும் பாட்டியின் கொண்டையும்

இணையத்தில் டர்ன்அரவுண்ட் ஷீட் என்று தேடிப் பாருங்கள், எல்லாம் ஒரே அச்சில்தான் இருக்கும். ஒரு பாத்திரம் நேராக நிற்கும், முக்கால்வாசி திரும்பும், பக்கவாட்டில் நிற்கும், கடைசியில் முதுகைக் காட்டும். உச்சந்தலை, கண், தாடை, தோள், இடுப்பு, பாதம் என்று குறுக்கே கோடுகள் ஓடும். பார்க்க அழகாத்தான் இருக்கு. ஆனால் நாலு பேர் வரைந்தாலும் ஒரே ஆள் வர வேண்டும் என்பதற்குத்தானே இந்தத் தாள்? அந்த வேலையை இவற்றில் பெரும்பாலானவை செய்வதில்லை என்பது என் கட்சி.

குறுக்குக் கோடு உயரத்தை மட்டும்தான் காப்பாற்றும். உருவம் திரும்பும்போது எது கூடவே திரும்புகிறது, எது திரும்பாமல் நம்மைப் பார்த்தபடியே இருக்கிறது என்பதை அது சொல்லாது. கார்ட்டூன் உருவங்களில் சிக்கலே அங்கேதான்.

மிக்கி மவுஸை எடுத்துக்கொள்ளுங்கள். அவன் காது நேரே பார்த்தால் வட்டம், பக்கவாட்டில் பார்த்தாலும் வட்டம். நிஜத்தில் தட்டு மாதிரி ஒரு காது பக்கவாட்டில் ஒல்லியாகத் தெரிய வேண்டும், அல்லது ஒன்றின் பின்னால் மற்றது மறைய வேண்டும். மிக்கிக்கு அப்படி நடக்காது. தலை திரும்பத் திரும்ப காது தலையின் விளிம்பிலேயே வழுக்கிக்கொண்டு போகும். டிஸ்னிக்காரர்கள் இதைச் 'சரி' செய்தும் பார்த்தார்கள். 1941-ல் வந்த 'தி லிட்டில் விர்ல்விண்ட்' படத்தில் காதுகளுக்குக் கனபரிமாணம் கொடுத்து, தலையோடு சேர்ந்து திரும்பவிட்டார்கள். கணக்குப்படி சரிதான், ஆனால் பழகின அந்த உருவம் போய்விட்டது. சில படங்களோடு அந்தப் பரிசோதனை நின்று, காது மறுபடி வட்டமானது. தெருவின் அந்தக் கோடியில் நின்றாலும் மிக்கியைக் காட்டிக்கொடுப்பது அந்த இரண்டு வட்டங்கள்தான். அதைத் திருப்பினால் வேறு எலி. தெசுகாவின் ஆஸ்ட்ரோ பாய் தலையில் இருக்கும் இரண்டு கொம்பு முடியும் இதே சாதிதான்.

இதை நான் புரிந்துகொண்டது என் தாள் சொதப்பிய பிறகு. மூன்று பேர் பங்கு போட்டு வரைந்த ஒரு சின்ன காமிக்ஸுக்கு ஒரு பாட்டியை வடிவமைத்தேன். பின்னந்தலையில் உருண்டைக் கொண்டை, அதுதான் அவள் அடையாளம். ஐந்து கோணம், ஏழு கோடு, எல்லாம் ஒழுங்காகப் போட்டிருந்தேன். நேர் கோணத்தில் கொண்டை தலைக்குப் பின்னால் மறைந்துவிட்டது, நானும் அப்படியே விட்டுவிட்டேன். ஒருத்தர் தாளை நம்பி கொண்டையே இல்லாமல் வரைந்தார். இன்னொருத்தர், ஆள் தெரியலையே என்று உச்சியில் தூக்கி வைத்தார். மூன்றாமவர் காதோரமாக ஒதுக்கினார். மூன்றாம் பக்கத்துக்குள் மூணு பாட்டி. யார் மேலும் தப்பில்லை, தாள் பேசாத இடத்தில் அவரவர் பேசினார்கள்.

மூக்குத்தியும் காலை வாரியது. 'வலது' என்று எழுதியிருந்தேன். யாருடைய வலது? ஒருவர் பார்ப்பவர் வலது என்று எடுத்துக்கொண்டார். இன்னொருவர் முக்கால் கோணப் படத்தை அப்படியே கண்ணாடிபோலத் திருப்பிப் பயன்படுத்த, மூக்குத்தி பக்கம் மாறிவிட்டது.

மறுபடி போட்டபோது படத்தைக் குறைத்து விதியைக் கூட்டினேன். கொண்டையின் விட்டம் முகத்தின் அகலத்தில் பாதி. அது எந்தக் கோணத்திலும் முழுசாக மறையாது: நேரே பார்த்தால் உச்சிக்கு மேல் அரைவட்டமாக எட்டிப் பார்க்கும், முகம் திரும்பத் திரும்ப மூக்குக்கு எதிர்ப்பக்கமாக விளிம்பில் இறங்கும், பக்கவாட்டில் காதின் உயரத்துக்கு வந்துவிடும். கொண்டை இல்லாத பாட்டியை ஒரு முறை வரைந்து மேலே பெருக்கல் குறி போட்டேன். இந்த ஒரு தப்புப் படம் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் உதவியது. மூக்குத்திக்கு 'பாட்டியின் சோற்றுக்கைப் பக்கம்' என்று எழுதி, இடம் பார்த்த முகம், வலம் பார்த்த முகம் இரண்டையும் தனித்தனியாகவே வரைந்தேன். நமக்கு இடப்பக்கமாகப் பக்கவாட்டில் திரும்பி நின்றால் அவள் இடது கன்னம்தான் தெரியும், மூக்குத்தி தெரியாது.

பிறகு ஒரு சோதனை. தாளில் இல்லாத ஒரு நிலையை மூவருக்கும் கொடுத்தேன்: பாட்டி குனிந்து கோலம் போடுகிறாள். வந்த மூன்றையும் ஒரே அளவாக்கி, உள்ளே முழுக்கக் கறுப்படித்து, பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன். முகமும் சேலை மடிப்பும் போய்விட்டால் கண் ஏமாறாது. இரண்டு நிழல் ஒத்துப்போனது, மூன்றாவதில் கொண்டை பிடரிக்குச் சரிந்திருந்தது. காரணம் தாளிலேயே இருந்தது: என் படங்கள் எல்லாமே கண்மட்டத்தில் நின்று பார்த்தவை, தலை குனிந்தால் என்ன ஆகும் என்று ஒரு படமும் இல்லை. குனிந்த தலை ஒன்று, அண்ணாந்த தலை ஒன்று சேர்த்தேன்.

இந்த விதி காமிக்ஸுக்குத்தான் தாங்கும். அங்கே ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவில் கொண்டை உச்சியிலிருந்து காதுக்கு எப்படி இறங்கியது என்று யாரும் பார்ப்பதில்லை. அனிமேஷனில் பாட்டி தலையைத் திருப்பினால் அந்த வழுக்கல் முழுசும் திரையில் தெரியும், நடுவில் வரும் நிலைகளையும் தாளில் வரைந்தாக வேண்டும்.