மூணு வாசல், ஒரே விதி

பஸ் டிக்கெட் விற்கும் ஒரு நிறுவனம் தன் ஏஐ உதவியாளருக்கு எழுதிய சிஸ்டம் ப்ராம்ப்ட்டைப் படிச்சுப் பார்த்தேன். ஒரே உதவியாளர், வெப்சைட், ஆப், போன் கால் மூணுலயும் பதில் சொல்லணும். எழுதியவர் மூணு தலைப்பு போட்டு அழகாப் பிரிச்சிருக்கார். ஆனா பிரிக்கக் கூடாததையும் சேர்த்துப் பிரிச்சுட்டார் என்பதுதான் என் குறை.

டிக்கெட் ரத்து விதி வெப் பகுதியில் மட்டும், ஒரு டேபிளாக இருக்கிறது. 24 மணி நேரத்துக்கு முன்னால் ரத்து செய்தால் 90 சதவீதம் திரும்பும், 24-லிருந்து 6 மணி வரை பாதி, அதற்கப்புறம் ஒன்றுமில்லை. போன் பகுதியிலோ, "டேபிள் கூடாது, இரண்டே வாக்கியம்" என்று மட்டும் இருக்கிறது. அதை அப்படியே பின்பற்றினால் என்ன ஆகும்? ரத்து செய்யலாம், பணம் வரும் என்று சொல்லி முடிச்சுடும். பஸ் கிளம்ப 5 மணி நேரமே இருக்கிறவருக்கு அது தப்பான தகவல், முழு டிக்கெட் காசும் போகும்.

ரத்து விதி பொதுப் பகுதிக்குப் போகணும். போன் பகுதியில் சொல்லும் முறை மட்டும் போதும்: முதலில் பஸ் நேரத்தைப் பார், அவருக்குப் பொருந்தும் ஒரே வரியைச் சொல், ரத்து செய்வதற்கு முன் சம்மதம் கேள். இப்போ அதே இரண்டு வாக்கியத்தில் நிபந்தனையும் அடங்கிடும்.

இன்னொன்று. "வாடிக்கையாளர் போனில் இருந்தால்..." என்று அந்தக் குறிப்பு ஆரம்பிக்கிறது. அவர் போனில் இருப்பது மாடலுக்கு எப்படித் தெரியும்? பேச்சு எழுத்தாக மாறித்தானே அதனிடம் வருது! அதை நம்ம புரோகிராம்தான் ஒவ்வொரு உரையாடலுக்கும் சேர்த்து அனுப்பணும்:

```
channel: voice
```

அதைவிட நல்லது, பொதுப் பகுதியோடு அந்தச் சேனலின் பகுதியை மட்டும் அனுப்புவது. மூணையும் அனுப்பினால் வெப்புக்கான தடித்த எழுத்து, லிங்க் எல்லாம் போன் பதிலில் எட்டிப் பார்க்கும்.

தடை போடும்போது காரணத்தையும் எழுதுவது பலன் தரும். "லிங்க் கூடாது" என்றால் லிங்க் மட்டும் நிற்கும். "உன் பதிலை ஒரு இயந்திரக் குரல் வாசிக்கும், கேட்பவர் கண்ணால் பார்க்க முடியாது" என்று எழுதினால், நாம் பட்டியல் போடாத விஷயங்களையும் மாடல் பெரும்பாலும் கவனிச்சுக்கும். புக்கிங் எண்ணைப் பிரிச்சுப் பிரிச்சுச் சொல்வது ஓர் உதாரணம்.

சரியா எழுதியிருக்கோமா என்று பார்க்க, ஒரே புக்கிங், ஒரே கேள்வி, மூணு சேனலிலும் கேளுங்க. பதில் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறும் என்பதால் சில தடவை கேட்கணும். வந்த தொகை, நேரம், நிபந்தனையை மட்டும் எழுதி ஒப்பிடுங்க. வடிவம் மாறலாம். அந்த மூணில் ஒன்று மாறினாலும், பொதுவில் இருக்க வேண்டிய விதி எங்கோ ஒரு சேனலுக்குள் மாட்டியிருக்கானு முதல்ல தேடுங்க.