திரும்ப வந்த வரியும் இருமுறை நடந்த செலவும்

பணப் பரிமாற்றச் செயலியில் வரவு செலவைக் கோப்பாக இறக்க வழியில்லாதபோது, பட்டியலைத் தள்ளிக்கொண்டே திரையைப் பதிவு செய்து, அந்த வீடியோவின் பிரேம்களை ஓசிஆர் மூலம் எழுத்தாக்கி ஒரே அட்டவணையாகச் சேர்ப்பதுண்டு. அடுத்தடுத்த பிரேம்களில் அதே வரிகள் திரும்ப வரும். அதனால் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி, pandas-இன் `drop_duplicates()` கட்டளையால் இரட்டிப்பை நீக்குவது பலருக்கும் முதலில் தோன்றும் வழி. இது எளிது, நடுவில் பட்டியலை மேலும் கீழும் நகர்த்தினாலும் குழம்பாது. ஒவ்வொரு வரியிலும் பரிவர்த்தனை எண் இருந்து, ஒவ்வொரு பிரேமிலும் வரி முழுவதும் சரியாகப் படிக்கப்பட்டால் இதுவே போதும். தேதி, கடை, தொகை மட்டுமே உள்ள பட்டியலில் இது கணக்கைக் கெடுத்துவிடும். ஒரே நாளில் ஒரே டீக்கடையில் இருமுறை 15 ரூபாய் கொடுத்திருந்தால் ஒன்று காணாமல் போகும். ஓசிஆர் ஒரு பிரேமில் 1,180-ஐ 1,130 என்று படித்தால் இல்லாத செலவொன்று கூடும். இரண்டு பிழைக்கும் வேர் ஒன்றுதான்: வரியை அடையாளம் காட்டுவது பட்டியலில் அதற்குள்ள இடம், இந்த முறையோ அதில் எழுதியிருப்பதை மட்டும் பார்க்கிறது.

ஆகவே பிரேம்களை வரிசை குலையாமல் பொருத்த வேண்டும். சேர்த்த அட்டவணையின் கடைசி வரிகளும் புதிய பிரேமின் முதல் வரிகளும் எதுவரை ஒன்றுகின்றன என்று பார்த்து, மீதியை மட்டும் ஒட்டுவது இதைவிட நல்ல முறை. ஆனால் இதுவும் ஓரிடத்தில் தடுமாறும். திரையில் நான்கு வரிகள் தெரிகின்றன. முதல் பிரேமில் அ, ஆ, டீ, டீ. ஓசிஆருக்கென அடுத்து எடுத்த பிரேமில் டீ, டீ, இ, ஈ என்று வைத்துக்கொள்வோம். பொதுவான வரிகள் இரண்டென்றால் மொத்தம் இரண்டு டீ, ஒன்றென்றால் மூன்று. எழுத்தைப் பார்த்து இதைத் தீர்க்க முடியாது. அந்த இரண்டு படங்களை மட்டும் ஒப்பிட்டாலும் முடியாது. இடைப்பட்ட பிரேம்கள்தான் தீர்க்கும். வரியின் உயரம் 120 பிக்சல், பிரேமுக்குப் பிரேம் நகர்வு 40 பிக்சல் என்றால், ஒரு வரிக்கும் குறைவான அந்த நகர்வை ஐயமின்றி அளக்கலாம். கூட்டுத்தொகை 240 என்றால் புதிய வரிகள் இரண்டு. 360 என்றால் மூன்று. அளக்குமுன் அசையாத தலைப்பு வரியை வெட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் அது நகர்வைப் பூஜ்யம் என்று காட்டக்கூடும்.

இவ்வளவு உழைப்பு தேவையா என்று கேட்கலாம். நகர்வை அளக்க எல்லாப் பிரேம்களும் வேண்டும் என்பது உண்மை. ஆனால் ஓசிஆருக்கு அரைத்திரை நகர்ந்த பிறகு ஒன்று அனுப்பினால் போதும். இடம் தெரிந்துவிட்டால், இரு பிரேம்களில் வேறுபட்டுப் படிக்கப்பட்ட வரியை மட்டும் இடைப்பட்ட பிரேம்களிலும் படித்துப் பெரும்பான்மையை ஏற்கலாம். 1,130 தானாகத் தோற்கும். வேகமாகத் தள்ளியதால் பொதுவான பகுதியே இல்லாமல் போன இடத்தை மட்டும் எந்த முறையும் மீட்காது. அங்கே சத்தமின்றி ஒட்டாமல், இடைவெளி என்று குறித்து மறுபடி பதிவு செய்வதுதான் நேர்மை. இருப்புத் தொகை காட்டும் பட்டியலானால், முந்தைய இருப்பில் வரவைக் கூட்டி, செலவைக் கழித்து அடுத்த இருப்போடு ஒப்பிட்டால் விடுபட்ட வரியும் மிகுந்த வரியும் அதே இடத்தில் பிடிபடும். பரிவர்த்தனை எண்ணும் அந்தச் சோதனைக்கு வழியும் இல்லாத பட்டியலில், வரிகளின் எழுத்தை மட்டும் நம்பிச் சேர்த்த அட்டவணையைக் கணக்காக ஏற்கக் கூடாது.