கை இல்லாத படம்

கடல் கடந்த தமிழனைப் பற்றிக் கதை எழுதுவோர் பெரும்பாலும் கண்ணீரில் தொடங்கிக் கண்ணீரிலேயே முடிக்கின்றனர். கப்பல் புறப்படும், தாய் அழுவாள். விமானம் எழும்பும், மனைவி விம்முவாள். மடல் வரும், வீடே குமுறும். அந்த அழுகை பொய் என்று நாம் கூறவில்லை. ஆனால், எதனால் அழுகிறோம் என்று கேட்காத கதை வாசகனின் நெஞ்சை நனைக்குமே தவிர, அவன் அறிவைத் தொடாது.

இளைஞர் ஒருவர் நம் பார்வைக்கு அனுப்பியுள்ள சிறுகதையை இந்த நோக்கோடுதான் படித்தோம். தம் பெயர் வெளிவர வேண்டாம் என்கிறார். கதைக்குத் தலைப்பும் இன்னும் இடவில்லை. கதை நடப்பது தாமிரபரணிக் கரையில், முக்கூடலுக்கு அருகே ஒரு சிற்றூரில். தந்தை வளைகுடா நாடொன்றில் கூலி வேலை செய்கிறார். தாய் பீடி சுற்றுகிறாள். மூத்தவள் பன்னிரண்டு வயதுச் சிறுமி. அவளுக்கு ஒரு தம்பி. வீட்டில் தந்தையின் படம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அதை வைத்து அவள் ஒரு படக்கதை வரைகிறாள். விடுமுறைக்கு வந்து திரும்பும் பக்கத்து ஊர்க்காரர் கையில் அதைத் தந்தைக்குக் கொடுத்தனுப்புகிறாள். இவ்வளவுதான் கதை. சிறிய கதைதான்; ஆனால் சிறுமை அற்ற கதை!

அந்த ஒற்றைப் படம் எத்தகையது? கடவுச்சீட்டுக்காக எடுத்தபோது மிஞ்சிய படம். மூன்றரை செண்டிமீட்டர் அகலம், நாலரை செண்டிமீட்டர் உயரம். வெளிறிய பின்புலம், நேர் நோக்கிய கண்கள், மூடிய வாய். சிரிக்கக் கூடாது, தலை சாயக் கூடாது, விதி அது. மனிதனை அடையாளம் காண்பதற்காக, அவன் மனிதன் என்பதற்கான அடையாளங்களை எல்லாம் அகற்றிவிட்டு எடுக்கும் படம்! இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் புறப்பட்ட நம் தொழிலாளிக்கு எழுத்தும் எண்ணும் பொறித்த தகர வில்லை தந்தனர். எந்தத் தோட்டத்துக்குரியவன் என்று அந்த வில்லை சொல்லும். எந்தப் பிள்ளைக்குத் தகப்பன் என்று சொல்லாது. தகரம் போய்த் தாள் வந்தது, வேலை ஒன்றே. அந்தத் தாளில் உள்ள முகத்தை எடுத்து அதற்கு நடையும் பேச்சும் தர முனைகிறாள் ஒரு சிறுமி. கதையின் கரு இதுவே. இதைத் தேர்ந்தெடுத்த இளைஞரின் கூர்மையைப் பாராட்டுகிறோம்.

வரையும் முறையை அவர் விளக்கும் பகுதி கதையிலேயே சிறந்த பகுதி. வெற்றுப் புகழுரையாக, 'அவள் ஓவியக்கலையில் வல்லவள்' என்று எழுதிக் கடந்து போயிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. சிறுமி படத்தின் நகல் ஒன்றை எடுத்து, அதன்மேல் அரை செண்டிமீட்டர்க் கட்டங்கள் இடுகிறாள். குறுக்கே 7, நெடுக்கே 9, ஆக 63 கட்டங்கள். பெரிய தாளில் அதே 63 கட்டங்களை இரண்டு செண்டிமீட்டர் அளவில் இட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள கோட்டை மட்டும் பார்த்துப் பார்த்து மாற்றுகிறாள். சுவர் விளம்பரம் எழுதுவோர் காலங்காலமாகக் கையாளும் முறை இது. சின்ன முகம் நான்கு மடங்கு அகலமாய், நான்கு மடங்கு உயரமாய்த் தாளில் எழுகிறது.

ஆனால், பெரிதாக்கிய முகம் படக்கதை ஆகிவிடாது. படக்கதையில் ஒரே ஆள் கட்டத்துக்குக் கட்டம் திரும்ப வர வேண்டும். திரும்ப வரும்போதெல்லாம் அவனே என்று தெரியவும் வேண்டும். நிழலையும் சுருக்கத்தையும் ஒவ்வொரு கட்டத்திலும் வரைந்து கொண்டிருக்க முடியாது. எனவே குறைக்கிறாள். அடர்ந்த புருவம், கீழ்நோக்கி வளைந்த மீசை, சற்றே விரிந்த காது, கோடிட்ட சட்டை ஆகிய நான்கை வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுகிறாள். அடுத்த கட்டத்தில் தந்தை நடக்க வேண்டும். பக்கவாட்டு முகம் வேண்டும். படத்திலோ நேர்முகம் மட்டுமே! ஊகித்து வரைகிறாள். தம்பி எட்டிப் பார்த்து, "இது யாருக்கா? அப்பா மாதிரி இல்லியே!" என்கிறான். சட்டைக் கோட்டையும் மீசை வளைவையும் அழுத்திப் போட்டதும், "இப்ப அப்பாதான்!" என்று கைகொட்டுகிறான்.

ஆர்.கே. லட்சுமணன் 1951 முதல் வரைந்த 'பொதுமகன்' நினைவுக்கு வருகிறார். கட்டமிட்ட கோட்டு, வேட்டி, மூக்குக் கண்ணாடி, இவை போதும். கூட்டத்தில் நின்றாலும் கண்டுகொள்வோம். வேண்டாதவற்றை விலக்கினால் வேண்டியது ஓங்கித் தெரியும் என்பதே கேலிச்சித்திரக் கலையின் அடிப்படை. அதைப் பாடமாகச் சொல்லாமல் தம்பியின் ஒரு சொல்லால் உணர்த்தியிருக்கிறார் நம் இளைஞர்.

அடுத்து வருகிறது கதையின் உயிர்நிலை. பீடித்தட்டை மடியில் வைத்தபடி தாய் படத்தைப் பார்க்கிறாள். "ஏளா, அப்பாவுக்குக் கையவே காணுமே?" என்கிறாள். உண்மைதான்! கடவுச்சீட்டுப் படம் தோளோடு முடிந்துவிடுகிறது. உழைப்பவனின் படத்தில் உழைக்கும் கை இல்லை! சிறுமி கையை வரையப் போகிறாள். வரைந்துவிடலாம்; ஆனால் அந்தக் கையில் எதைக் கொடுப்பது? கரண்டியா, கம்பியா, வண்டிச் சக்கரமா? தந்தை என்ன வேலை செய்கிறார் என்பது அவளுக்குத் தெரியாது. தாய்க்கும் தெரியாது. "கம்பெனி வேலை" என்பதற்கு மேல் அந்த வீட்டில் எவரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. மூன்று ஆண்டுகளாக அவர் அனுப்பும் பணத்தில் உண்ணும் வீட்டுக்கு அவர் கையில் உள்ள கருவி எது என்று தெரியாது. சிறுமி அந்தக் கட்டத்தில் இரு கைகளையும் வரைந்து, கைகளுக்கு நடுவே வெறுமையை விட்டுவிடுகிறாள். தந்தையின் வாயருகே பேச்சுக் குமிழியும் வரைகிறாள். உள்ளே ஓர் எழுத்தும் இல்லை.

இங்கே நம்மை அறியாமல் நாம் நிமிர்ந்து உட்கார்ந்தோம். அன்பளிப்பாகத் தொடங்கிய படக்கதை கேள்வித்தாளாக மாறிவிட்டது. 'நலமா?' என்று கேட்டால் 'நலம்' என்று பதில் வரும். எத்தனையோ பொய்களை ஏற்றி வந்த சொல் அது! வெறுங்கையை வரைந்து அனுப்பினால், 'நலம்' என்று எழுதி அதை நிரப்ப முடியாது. உண்மையைத்தான் வரைய வேண்டும்.

ஆஸ்திரேலிய ஓவியர் ஷான் டான் 2006இல் சொல்லே இல்லாத படநூல் ஒன்றை வெளியிட்டார். 'வருகை' என்பது அதன் தலைப்பின் பொருள். மனைவியையும் சிறு மகளையும் விட்டு வேலை தேடி அறியாத நாட்டுக்குப் போகும் ஒருவனின் கதை அது. புறப்படுமுன் குடும்பப் படத்தைப் பெட்டியில் வைத்துக்கொள்கிறான். வரைவதற்காக டான் தாமே பலவாறு நின்றும் நடந்தும் நிழற்படங்கள் எடுத்துக்கொண்டார். அவரிடம் வேண்டிய நிலைக்கெல்லாம் படம் இருந்தது. நம் சிறுமியிடம் இருப்பது ஒன்றே ஒன்று. அங்கே போனவன் கண்ணால் புதிய நாட்டைக் காண்கிறோம். இங்கே போனவனைக் காணாத கண்ணால் அவனைத் தேடுகிறோம். பின்னது எழுதக் கடினமானது. ஏனெனில் தேடுபவளுக்குத் தெரியாதது எழுத்தாளருக்கும் தெரியாததாகவே இருக்க வேண்டும்.

நம் இளைஞர் இடறுவது இங்கேதான். இறுதிப் பக்கத்தில் சிறுமியை விட்டுவிட்டுத் திடீரென வளைகுடாவுக்குப் பறக்கிறார். தந்தை படக்கதையைப் பார்த்துக் கதறுகிறார். முதலாளி கதவருகே நின்று காண்கிறார், கல்நெஞ்சம் கரைகிறது. விடுப்பும் கொடுத்து, விமானச் சீட்டும் வாங்கித் தருகிறார். மங்கலம், சுபம்!

இதை நாம் ஏற்பதற்கில்லை. மூன்று ஆண்டுகளாக அந்தத் தொழிலாளி ஏன் வரவில்லை? கதை சொல்லவில்லை. எந்த நாடு என்றுகூடச் சொல்லவில்லை. நாட்டின் பெயர் வெறும் அலங்காரமா? கத்தாரில் 2018க்கு முன்னர் வேலையளிப்பவரின் இசைவு இல்லாமல் அயல்நாட்டுத் தொழிலாளி நாட்டைவிட்டு வெளியேற முடியாது. அந்த ஆண்டுச் சட்டம் பெரும்பாலோருக்கு அந்தத் தளையை நீக்கியது. வீட்டு வேலையாட்களுக்கு 2020இல்தான் நீங்கியது. தளையை நீக்கியது முதலாளியின் இரக்கமா? இல்லை, உலகத் தொழிலாளர் அமைப்புகள் இடைவிடாது எழுப்பிய கண்டனமும், அதனால் வந்த சட்டமும்! சட்டம் தடுத்ததா, கடன் தடுத்ததா, கூலி நிலுவை தடுத்ததா என்று தெரியாவிட்டால், தந்தை வராததும் மழை வராததும் ஒன்றாகிவிடும். அப்போது 'தலைவிதி' என்று சொல்லத்தான் தோன்றும். கதையில் வரும் பாட்டி அதைத்தான் சொல்கிறாள். அவளை மறுத்துப் பேச எவரும் இல்லை!

விடை கதைக்குள்ளேயே கிடக்கிறது, எழுதியவரே கவனிக்கவில்லை. முதல் பக்கத்தில் ஒரே ஒரு வரி: தாயின் கம்மலை அடகு வைத்து, முகவருக்கு ஒன்றரை இலட்சம் கொடுத்துப் புறப்பட்டார் தந்தை. 1983ஆம் ஆண்டுக் குடியகல்வுச் சட்டத்தின்கீழ் அமைந்த விதிகள் பதிவு பெற்ற முகவர் வாங்கத்தக்க கட்டணத்துக்கு 30,000 ரூபாய் எனவும் அதற்குரிய வரி எனவும் வரம்பு கட்டின. அப்படியானால் மிகுதிப் பணம் எங்கே போனது? வட்டி எவ்வளவு? மூன்று ஆண்டுப் பிரிவின் வேர் அந்த ஒரு வரியில் இருக்கிறது! சிறுமியோ தன் படக்கதையில் தாயைக் கம்மல் இல்லாமல் வரைந்திருக்கிறாள். கண்டதை வரைந்தாள் குழந்தை. கதாசிரியர் அந்தக் காதைக் கண்டிருந்தால், முதலாளியின் இரக்கத்தைத் தேடிக் கடல் கடந்திருக்க வேண்டியதில்லை.

திருநெல்வேலிச் சீமைக்கு இது புதிய கருப்பொருள் அன்று. புதுமைப்பித்தன் 1935இல் 'மணிக்கொடி'யில் எழுதிய 'துன்பக்கேணி', வாசவன்பட்டி மருதியை இலங்கைத் தேயிலைத் தோட்டம்வரை கொண்டு செல்கிறது. ஊரில் அவளைத் துரத்தியது எது, தோட்டத்தில் அவளைச் சிதைத்தது எது என்பதை அது ஒளிக்கவில்லை. ஆள்பிடிப்பவனின் இனிப்புப் பேச்சு, தோட்டத்து அதிகாரம் எல்லாவற்றையும் மனிதர் செயலாகவே காட்டுகிறது. நல்ல முதலாளி ஒருவர் வந்து மருதியைக் காப்பாற்றவில்லை. அதனால்தான் அந்தக் கதை இன்றும் சுடுகிறது. புதுமைப்பித்தன் கதையைத் தோட்டத்துக்குள்ளேயே கொண்டுபோனார், அங்கே நடப்பதைச் சொன்னார். நுழைய முடியாத சிறுமியின் வீட்டில் நிற்கும் நம் இளைஞர், வீட்டில் தெரிவதை முழுமையாகச் சொல்லியிருந்தாலே போதும்.

கதையைத் திருத்தி எழுதுவதாக அவர் எழுதியிருக்கிறார். நாம் சொல்லக்கூடியது இது: இறுதிப் பக்கத்தை வெட்டிவிடுங்கள். படக்கதை உறைக்குள் போகட்டும். பக்கத்து ஊர்க்காரர் வாங்கிக்கொள்ளட்டும். சில வாரங்கள் கழித்து அது திரும்பி வரட்டும். வெறுங்கைகளுக்கு நடுவே தந்தை தாமே ஏதோ ஒரு கருவியைக் கோணல்மாணலாக வரைந்திருக்கட்டும். குமிழிக்குள் ஒரு தொகை எழுதியிருக்கட்டும்: இன்னும் அடைக்க வேண்டிய கடன். சிறுமி அதைப் பார்த்துவிட்டுத் தாயின் காதைப் பார்க்கட்டும். அவள் அழ வேண்டாம். கணக்குப் போடத் தொடங்கட்டும்.