அளவு ஜாக்கெட்டும் அறிவுரையும்

மும்பை காட்கோபரில் தையல் கடைக்குப் பஞ்சமில்லை. அதனால் ஒரு சின்னக் கடை தனக்கென வாடிக்கையாளர் சேர்க்க வேண்டுமென்றால் கூலியைக் குறைக்கும், இல்லையென்றால் நாள் தவறாமல் தைத்துக் கொடுக்கும். இப்போது மூன்றாவதாக ஒரு வழியும் பரவியிருக்கிறது. துணி எவ்வளவு வேண்டும், லைனிங்கை எப்படி நனைப்பது, அளவுக்கு எந்த ஜாக்கெட்டைக் கொண்டுவருவது என்று, கடைக்காரர் தமக்குத் தெரிந்ததைப் பில்லின் பின்பக்கத்திலும் சுவரிலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் சொல்லிவைக்கிறார். இதைப் படித்தவர்கள் கடைக்கு வருவார்கள் என்பது நம்பிக்கை. வருகிறார்களா என்பது, சொல்லும் செய்தி யாருக்குப் பயன்படுகிறது என்பதைப் பொறுத்தது.

இந்த வழி புதிதல்ல. அமெரிக்காவில் ஸ்டெர்லிங் என்ற ஊரைச் சேர்ந்த எபனேசர் பட்டரிக் என்ற தையல்காரர் 1863இல் பல அளவுகளில் வெட்டுத்தாள்களை விற்கத் தொடங்கினார். பிறகு 1870களில் அவருடைய நிறுவனம் ‘தி டெலினியேட்டர்’ என்ற பத்திரிகையை நடத்தியது. பத்திரிகை படிக்கக் கிடைத்தது, வெட்டுத்தாள் விற்றது. ஆனால் பட்டரிக்குக்கு வாடிக்கையாளர் எந்த ஊரில் இருந்தாலும் சரிதான், தபாலில் அனுப்பிவிடலாம். காட்கோபர் கடைக்கு வருகிறவர் நடந்து வருகிறவர். பொதுவான குறிப்பை எத்தனை வெளியூர்க்காரர் படித்தாலும் அவர்களில் ஒருவர்கூடக் கடை வாசலை மிதிக்கப் போவதில்லை. இந்த வித்தியாசத்தைப் பல கடைகள் யோசிப்பதில்லை என்பதுதான் என் முதல் குறை.

முதலில் நல்ல பக்கத்தைப் பார்ப்போம். லைனிங் பற்றிய குறிப்பு உண்மையிலேயே உதவுகிறது. பருத்தி லைனிங்கை நனைக்காமல் தைத்தால் முதல் துவைப்பில் அது சுருங்கும், மேல்துணியான பட்டோ பாலியெஸ்டரோ அதே அளவு சுருங்காது. சுருக்கம் நூற்றுக்கு நான்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினான்கு அங்குல நீளத்தில் அரை அங்குலத்துக்குச் சற்று அதிகம் போய்விடும். முப்பத்தாறு அங்குல மார்புச் சுற்றில் கிட்டத்தட்ட ஒன்றரை அங்குலம் போய்விடும். மேல்துணி அப்படியே இருக்க உள்ளே மட்டும் இழுத்துக்கொள்வதால் பக்கத் தையலில் சுருக்கு விழுகிறது, ஹூக் போடும்போது பிடிக்கிறது. வாடிக்கையாளர் ‘டெய்லர் இறுக்கித் தைத்துவிட்டார்’ என்று நினைப்பார். தையலில் பிழையில்லை என்று அவருக்கு விளங்கவைப்பதற்குள் ஒரு வாடிக்கை கைநழுவியிருக்கும்.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. லைனிங்கின் மூலையில் பத்துக்குப் பத்து அங்குலச் சதுரத்தைப் பென்சிலில் வரைந்து, இரவு முழுவதும் ஊறவிட்டு, முறுக்கிப் பிழியாமல் நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்டு மறுபடி அளக்க வேண்டும். ஒன்பதே முக்காலுக்குக் கீழே இறங்கியிருந்தால் நனைத்தது வீணில்லை. இந்த அளவுக்குத் திட்டமாகச் சொல்லும் கடையின் குறிப்பைத்தான் நான் மதிப்பேன். ‘தரமான துணியைத் தேர்ந்தெடுங்கள்’ என்று சொல்வதற்குக் கடை தேவையில்லை.

ஆனால் இதே குறிப்பில் ஆபத்தும் இருக்கிறது. ‘துணியை நனைத்துக் கொண்டுவாருங்கள்’ என்று மட்டும் எழுதினால், ஜரிகை ஓடிய பட்டு ஜாக்கெட் துண்டையும் சேர்த்து நனைத்துவிடுபவர்கள் உண்டு. சாயம் ஓடினால் குறிப்பு எழுதியவர்தான் பழியேற்க வேண்டும். நனைத்துக் கோணலாக இஸ்திரி போட்டால் நேரிழை சாய்ந்து, வெட்டும்போது முன்பக்கம் திருகிக்கொள்ளும். எனவே ‘லைனிங்கை மட்டும்’ என்ற இரண்டு சொல் இல்லாத குறிப்பு இருப்பதைவிட இல்லாமலிருப்பது மேல். தவிர, நனைப்பது கடையின் வேலைதானே என்ற கேள்வியும் எழுகிறது. மழைக்கால மும்பையில் ஒற்றை அறை வீட்டில் துணி உலர எவ்வளவு நேரமாகும் என்று கடைக்காரருக்குத் தெரியாதா? சிறு தொகை வாங்கிக்கொண்டு கடையே நனைத்துக் கொடுத்தால், ‘நனைத்துத்தான் தைக்கிறோம்’ என்ற ஒரே வரி மற்ற விளக்கங்களைவிட நன்றாக ஆள் சேர்க்கும்.

அளவு ஜாக்கெட் விஷயம் இன்னும் சிக்கலானது. உடம்பை அளக்காமல் பழைய ஜாக்கெட்டை வைத்துத் தைக்கும் பழக்கத்தைத் தையல் படித்தவர்கள் குறைத்துப் பேசுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆண் டெய்லர் நாடா பிடிப்பதை விரும்பாத பெண்களுக்கு அது வசதி, மகனிடம் பையைக் கொடுத்தனுப்பலாம். அதைவிட முக்கியம், ஒருவருக்கு எவ்வளவு இறுக்கம் பிடிக்கும் என்பது நாடாவில் தெரியாது. அவர் விரும்பிப் போடும் ஜாக்கெட்டில் அது இருக்கிறது.

குறை வேறிடத்தில் உள்ளது. துவைத்துத் துவைத்து மெத்தென்றான பருத்தி ஜாக்கெட் உடம்புக்கு இடம் கொடுக்கும். அதே அளவில் விறைப்பான பட்டில் தைத்தால் கை தூக்கும்போது அக்குளில் பிடிக்கும். பக்கத் தையலைப் பிரித்துப் பெரிதாக்கிய ஜாக்கெட்டில் மார்பு சரியாக வந்திருக்கும், ஆனால் டாட் பழைய இடத்திலேயே நிற்கும். அதைப் பார்த்துத் தைத்தால் அந்தப் பிழையும் சேர்ந்தே வரும், அடுத்த முறை புதியதே அளவு ஜாக்கெட்டாகிவிடும். ஆகவே கடை சொல்ல வேண்டியது ‘நன்றாகப் பொருந்தும் ஜாக்கெட்டைக் கொண்டுவாருங்கள்’ என்பதல்ல. தைக்கப் போகும் துணியின் ரகத்திலேயே ஒன்றைக் கொண்டுவரச் சொல்ல வேண்டும். எங்கே பிடிக்கிறதோ அங்கே ஒரு பின் குத்தி அனுப்பவும், உள்ளே பிரித்துவிட்டிருந்தால் அதைச் சொல்லவும் கேட்க வேண்டும். இப்படிக் கேட்கும் கடைக்குத் திருத்த வரும் ஜாக்கெட்டுகள் குறையும்.

உள்ளூர்க் குறிப்பு என்று நான் சொல்வது எது? காட்கோபரில் குஜராத்தியர் அதிகம். அவர்கள் கட்டில் முந்தானை பின்னாலிருந்து வலது தோள் வழியாக முன்னால் விழும், இடது கை முழுதாகத் தெரியும். நம் கட்டில் முந்தானை இடது தோளேறிப் பின்னால் போகும், வலது கைதான் வெளியே நிற்கும். துணி பற்றாமல் கையில் ஒட்டுப் போட நேர்ந்தால் எந்தக் கையில் போடுவது என்பது இதனால் மாறுகிறது. ‘ஒட்டு விழுந்தால் முந்தானைப் பக்கம் போடுகிறோம், எந்தக் கட்டு என்று சொல்லுங்கள்’ என்ற ஒரு வரியைத் தூரத்திலிருந்து யாரும் தேடிப் படிக்கமாட்டார்கள். ஆனால் அக்கம்பக்கத்துப் பெண்கள் இருவர் அதைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள்.

பண்டிகைக் கணக்கும் அப்படித்தான். நவராத்திரிக்கு முன்பு சணியா சோளி தைப்பதில் கடைகள் மூழ்கியிருக்கும். விஜயதசமி கழிந்து சுமார் மூன்று வாரத்தில் தீபாவளி. எனவே ‘நவராத்திரிக்கு முன்பே தீபாவளித் துணியைக் கொடுத்துவிடுங்கள்’ என்று கடை எழுதுவது நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் போனஸ் வந்த பிறகுதான் துணி எடுப்பது என்று இருக்கும் வீடுகளுக்கு இது கேலியாகக் கேட்கும். அவர்களிடம் அளவையும் மாடலையும் முன்பே வாங்கி நோட்டில் எழுதிவைத்துக்கொண்டு, துணி வந்ததும் வெட்டுகிறேன் என்று சொல்லலாம்.

அப்படிச் சொன்ன பிறகு கடைசித் தேதியையும் எழுதியாக வேண்டும். எழுதிவிட்டால், மறுநாள் பை தூக்கி வரும் பக்கத்து வீட்டு அக்காவைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும். தெரிந்தவராயிற்றே என்று ஒருவருக்கு இளகினால் அந்த ராத்திரி மிஷின் ஓடும், காஜா அவசரத்தில் விழும், அடுத்த ஆண்டு அந்தத் தேதியை யாரும் நம்பமாட்டார்கள்.