தெய்க்கும் ஹத்துக்கும் நடுவே

பரதநாட்டியத் திருத்தம் இன்று கைப்பேசியிலும் நடக்கிறது. மாணவி வீட்டில் ஆடி, வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறாள். டீச்சர் பார்த்துவிட்டு, "உட்காரவே இல்லை, கை பின்னாடி வருது, திரும்ப ஆடி அனுப்பு" என்று குரல்பதிவு போடுகிறார். மாணவி தன் வீடியோவை மறுபடி ஓட்டிப் பார்க்கிறாள். தான் நன்றாக உட்கார்ந்துதான் ஆடியிருப்பதாக அவளுக்குத் தோன்றுகிறது. அது பொய்யும் இல்லை. ஆட்டம் ஓடும்போது கண் சேரும் இடங்களைப் பிடித்துக்கொண்டு, நடுவில் உள்ளதைத் தானே நிரப்பிக்கொண்டு போய்விடும். ஆடினவள் கண் என்றால் கேட்கவே வேண்டாம், ஆட நினைத்ததையே பார்க்கும்.

அதனால் நான் அடவு வீடியோ வந்தால் அதிலிருந்து இரண்டு மூன்று பிரேம்களை எடுத்துத் திருப்பி அனுப்புகிறேன். எந்தப் பிரேம் என்பதில்தான் இதன் ருசி முழுக்க இருக்கிறது.

குதித்து மெட்டடவை எடுத்துக்கொள்வோம். சொல் 'தெய் ஹத் தெய் ஹி'. எங்கள் பாணியில் தெய்க்கு அரைமண்டியிலேயே குதித்து நுனிக்காலில் நிற்க வேண்டும். மார்புக்கு நேரே கடகாமுகமாக இருந்த கை அலபத்மமாகப் பக்கவாட்டில் நீளும். ஹத்துக்குக் குதிகால் தரையில் தட்ட, கை மார்புக்குத் திரும்பிவிடும். அடுத்த தெய், ஹிக்கு மறுகை. முதல் காலத்தில் ஒரு சொல்லுக்கு ஒரு விநாடி என்று வைத்துக்கொண்டால், மூன்றாம் காலத்தில் ஒரு சொல்லுக்குக் கால் விநாடிதான். கைப்பேசி விநாடிக்கு 30 பிரேம் எடுக்கிறது. அப்படியானால் மூன்றாம் காலத்துத் தெய் முழுவதும் ஏழெட்டுப் பிரேமுக்குள் முடிந்துவிடும். அதில் நுனிக்காலில் உண்மையாக நிற்பது இரண்டு பிரேமோ மூன்றோ. மற்றவை வழியில் இருப்பவை.

கைப்பேசியில் விரலால் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுப்பவர்களுக்கு அந்த இரண்டு பிரேம் அகப்படாது. நான் கணினியில் விஎல்சியில் திறந்து நிறுத்திவிட்டு E விசையைத் தட்டுவேன். ஒரு தட்டுக்கு ஒரு பிரேம் நகரும். மாணவியிடம் வீடியோவை 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொல்வேன். சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும். ஓட்டிப் பார்க்கும்போது அந்த இழப்பு அவ்வளவாகத் தெரியாது. நிறுத்தினால் விரல்கள் கட்டம் கட்டமாகக் கரைந்திருக்கும். விரலே தெரியாதபோது அலபத்மம் மலர்ந்ததா இல்லையா என்று யார் சொல்ல முடியும்?

எடுக்கும் விதமும் முக்கியம். அப்பா நின்றுகொண்டு கையில் பிடித்து எடுத்தால், மேலிருந்து பார்ப்பதால் அரைமண்டி இருப்பதைவிட ஆழமாகத் தெரியும். நாற்காலியிலோ ஸ்டூலிலோ மாணவியின் இடுப்பு உயரத்தில் கைப்பேசியை நிறுத்தி, நீண்ட இரண்டு கையும் சட்டத்துக்குள் வரும்படி அதைப் படுக்கவாட்டில் வைக்க வேண்டும். பின்னால் ஜன்னல் கம்பியோ, அலமாரியின் விளிம்போ, ஏதாவது ஒரு படுக்கைக் கோடு இருந்தால் பெரிய உதவி. ஏன் என்பது இப்போது தெரியும்.

ஒரு மாணவி அனுப்பிய குதித்து மெட்டு. மூன்று காலமும் ஆடியிருந்தாள். தாளம் ஓடவில்லை, முகத்தில் சிரிப்பும் இருந்தது. ஓட்டிப் பார்த்தால் நல்ல ஆட்டம். மூன்றாம் காலத்தில் மட்டும் ஏதோ சிதறுவதுபோல ஓர் உணர்வு, அவ்வளவுதான். நான் எடுத்த முதல் பிரேம், சிதறிய மூன்றாம் காலத்திலிருந்து அல்ல, முதல் காலத்துத் தெய்யிலிருந்து. நுனிக்காலில் நிற்கிறாள், முட்டிகள் இரண்டும் பக்கவாட்டில் விரிந்திருக்கின்றன, கால்களுக்கு நடுவே சாய்சதுரம் அகலமாக விழுந்திருக்கிறது, தலை ஜன்னலின் இரண்டாம் கம்பிக்குக் கீழே. இரண்டாவது, மூன்றாம் காலத்துத் தெய். அதே நுனிக்கால். ஆனால் சாய்சதுரம் ஒடுங்கிவிட்டது, தலை இரண்டாம் கம்பியைத் தாண்டிவிட்டது. குதிகால் எழும்பும் அளவுக்கு உடம்பு உயர்வது இயல்பு. அது இரண்டு பிரேமிலும் ஒன்றுதான். மிச்ச உயரம் முட்டி நிமிர்ந்ததால் வந்தது. குதித்து இறங்கும்போது மறுபடி உட்கார்ந்துவிடுவதால், ஓடும் வீடியோவில் அது கண்ணுக்குப் படவே இல்லை.

மூன்றாவது பிரேம்தான் எனக்கு மிகப் பிடித்தது. மூன்றாம் காலத்து ஹத். குதிகால் தரையில் அழுந்திவிட்டது, சலங்கை மணிகளை எண்ணிவிடலாம், அத்தனை துல்லியம். வலது கை மட்டும் தோளுக்கும் மார்புக்கும் நடுவில் ஒரு வெள்ளைத் தீற்றலாக இருக்கிறது. சாயங்காலம் டியூப்லைட்டில் எடுத்தது. வெளிச்சம் குறைந்தால் கைப்பேசி ஒவ்வொரு பிரேமையும் ஏறக்குறைய விநாடியில் 30-இல் ஒரு பங்கு நேரம் திறந்து வைக்கும். மூன்றாம் காலத்தில் நகரும் கை அதற்குள் ஏழெட்டு சென்டிமீட்டர் போய்விடும். மங்கல் அதனால்தான். படம் கெட்டுவிட்டதென்று பலர் இந்தப் பிரேமைத் தள்ளிவிட்டு, பளிச்சென்று இருக்கும் அடுத்த பிரேமை எடுப்பார்கள். எனக்கு இந்த மங்கல்தான் வேண்டும். ஒரே பிரேமில் கால் துல்லியமாகவும் கை மங்கலாகவும் இருந்தால், கால் வந்து சேர்ந்துவிட்டது, கை இன்னும் வழியில் இருக்கிறது என்று பொருள். கையும் காலும் ஒருசேர விழவில்லை என்று நூறு தடவை சொல்வதை இந்த ஒரு படம் சொல்லிவிடும்.

கை ஏன் பின்தங்கியது? அதற்குக் காரணம் மூன்றாவது பிரேமில் இல்லை, இரண்டாவதில் இருக்கிறது. அலபத்மம் நீண்ட பக்கமாகத் தோளும் கொஞ்சம் போயிருக்கிறது. இடுப்புக்கு மேலே உடம்பு வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது. முதல் காலத்தில் தோள் நடுவில் நிற்க, கை மட்டும் போய் வந்தது. மூன்றாம் காலத்தில் கை, தோள், உடம்பு மூன்றும் திரும்பி வர வேண்டியிருக்கிறது. நேரம் போதவில்லை. பிழை தெரியும் பிரேமோடு, அதற்குச் சற்று முந்தைய பிரேமையும் சேர்த்து அனுப்ப வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். பிழை பிறந்த இடம் அநேகமாக ஒரு சொல்லுக்கு முன்னால்தான் இருக்கும்.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பினேன். "டீச்சர், முதல் படத்துலயும் நான்தானே?" என்று கேட்டாள். ஆமாம், அதுதான் விஷயம். பெரிய கலைஞர் ஒருவரின் படத்தைப் பக்கத்தில் வைத்தால் மாணவிக்கு ஏக்கம் வரும், திருத்தம் வராது. அந்த உடம்பு வேறு, கால் நீளம் வேறு, பாணியும் வேறாக இருக்கலாம். அவளுடைய உடம்பே, அதே வீடியோவில், அரை நிமிஷத்துக்கு முன்னால் சரியாக நின்றதைக் காட்டினால் அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

அசைவில் எந்தக் கணத்தை நிறுத்துவது என்ற கேள்வி நமக்குப் புதிதல்ல. நாட்டிய சாஸ்திரம் 108 கரணங்களைச் சொல்கிறது. கையும் காலும் சேர்ந்து இயங்குவதே கரணம் என்பது அதன் இலக்கணம். தஞ்சைப் பெரிய கோயிலில் கருவறைக்கு மேல்தளச் சுற்றில் சிவனே ஆடுவதாக 81 கரணங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். மிச்சத்துக்கான கற்கள் செதுக்கப்படாமலே நிற்கின்றன. சிதம்பரம் கோபுர வாசல்களில் ஆடும் பெண்களாக 108 கரணங்களும், கிழக்கிலும் மேற்கிலும் அவற்றுக்குரிய சுலோகங்களோடு இருக்கின்றன. சிற்பிக்கு ஒரு கரணத்துக்கு ஓர் உருவம்தான். தொடக்கமா, நடுவா, முடிவா என்று அவன்தான் தீர்மானிக்க வேண்டியிருந்தது. இந்தச் சிற்பங்களை நிற்கும் நிலைகளாகவே பலர் கொண்டிருந்தபோது, பத்மா சுப்ரமண்யம் கரணம் என்பது முழு அசைவு, சிற்பம் அதில் ஒரு கணம் என்று ஆய்ந்து, ஆடியும் காட்டினார். அதைப் படித்தபின் சிதம்பரத்து வாசலில் நின்றால் ஒவ்வொரு உருவத்திடமும் இரண்டு கேள்வி கேட்கத் தோன்றுகிறது: இந்தக் கால் எங்கிருந்து வந்தது, அடுத்து எங்கே போகும்? நல்ல பிரேமும் அந்த இரண்டு கேள்வியையும் எழுப்ப வேண்டும். வெறும் அழகான 'போஸ்' எழுப்பாது. சபா நோட்டீசில் அச்சடிக்க அது போதும், திருத்தத்துக்கு உதவாது.

தாளம் சம்பந்தப்பட்ட எதற்கும் நான் பிரேம் அனுப்புவதில்லை. தட்டடவில் கால் சரியான இடத்தில்தான் விழுகிறது, கொஞ்சம் முந்தி விழுகிறது என்றால், அந்த முந்தல் எந்தப் படத்திலும் இராது. அதற்குச் சத்தம் வேண்டும். அப்போது வீடியோவையே வெட்டி அனுப்புவேன், ஆனால் முழுவதையும் அல்ல. பிழை வரும் ஆவர்த்தனமும் அதற்கு முந்தைய ஓர் ஆவர்த்தனமும் போதும். முந்தையது இல்லாவிட்டால் கேட்பவள் காதில் காலப்பிரமாணம் நிலைக்காது. எதைவிட முந்துகிறது என்றே தெரியாது. அந்தத் துண்டைத் தட்டுக்கழி சத்தமும் தன் கால் சத்தமும் நேராகக் காதில் விழும்படி கம்பி ஹெட்போனில் கேட்கச் சொல்வேன். புளூடூத்தில் சில சமயம் ஒலி படத்துக்குப் பிந்தி வந்து, சரியாக ஆடியதையும் தப்பாகக் காட்டிவிடும்.

அபிநயத்துக்கும் அப்படியே. பதம் ஆடும் பெண்ணின் வீடியோவை எங்கு நிறுத்தினாலும், கண் பாதி மூடி, உதடு ஏதோ ஒரு வடிவில் கோணி, அவளுக்கே அடையாளம் தெரியாத முகம் ஒன்று அகப்படும். அது பிழை இல்லை. ஒரு பாவம் கலைந்து அடுத்தது வரும் வழியில் எல்லா முகமும் அப்படித்தான் இருக்கும். நாயகன் வரும் திசையைப் பார்த்து, வரவில்லை என்று தெரிந்து, பார்வை தன் கைவளைக்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசலைப் பார்த்த கண்ணையும் வளையைப் பார்த்த கண்ணையும் இரண்டு பிரேமாக எடுத்தால் இரண்டுமே அழகாக இருக்கும். ஏமாற்றம் அந்த இறக்கத்தின் வேகத்தில் இருக்கிறது. சட்டென்று இறங்கினால் கோபம், தயங்கி இறங்கினால் ஏக்கம். இதை ஆறேழு விநாடி வீடியோவாகத்தான் அனுப்ப வேண்டும். பக்கத்தில், நானே ஆடி எடுத்த அதே ஆறேழு விநாடியையும் சில சமயம் சேர்த்து அனுப்புவேன், பாட்டு இல்லாமல், பார்வையின் வேகம் மட்டும் தெரியும்படி.